ரத்தான நாடகம், திரும்பிப் போக வேண்டிய பணம்: டிக்கெட் கணக்கைப் பற்றிய கேள்வி பதில்

பினாங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் கணக்கு எழுதி வருகிறேன். நிகழ்ச்சி ரத்தான பிறகு வரும் கணக்குச் சிக்கல்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

பட்டர்வொர்த், நாடக மன்றப் பொருளாளர்: அக்கா, மண்டபத்தின் கூரை ஒழுகியதால் எங்கள் நாடகம் ரத்தாகிவிட்டது. இலவச டிக்கெட் போக 360 டிக்கெட் விற்றோம், ஒன்று 50 ரிங்கிட். 18,000 இருக்க வேண்டும். வங்கியில் 17,754தான் இருக்கிறது. 246 எங்கே போனது?

மொத்தத்தை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது தம்பி. பணம் வந்த வழிகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். நீங்கள் பிறகு அனுப்பிய விவரப்படி இணையத்தில் 180, டூயிட்நவ் மூலம் நேரடியாக 120, செயலவை உறுப்பினர்கள் கையில் ரொக்கமாக 60.

முதலில் இணைய விற்பனை. 180 டிக்கெட்டுக்கு 9,000 வந்திருக்க வேண்டும், வங்கியில் 8,904 வந்திருக்கிறது. அந்த 180 டிக்கெட்டும் 96 ஆர்டர்களில் விற்றவை. உங்கள் கட்டணச் சேவை ஆர்டருக்கு ஒரு ரிங்கிட் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. அதனால்தான் 96 குறைகிறது. அதுவும் ஒவ்வொரு ஆர்டராக வராமல், சில நாள் விற்பனையைச் சேர்த்து ஒரே தொகையாக வரும். ஆகவே வங்கி அறிக்கையை மட்டும் பார்த்தால் யார் கொடுத்தார் என்று தெரியாது. அந்தச் சேவையின் தளத்திலிருந்து ஆர்டர் வாரியான தீர்வு அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டூயிட்நவ் 6,000, மொத்தம் சரி. அதைப் பற்றிக் கீழே வருகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ரொக்கம் 3,000 வர வேண்டும், வங்கியில் போட்டது 2,850. டிக்கெட் புத்தகங்களை வாங்கி, அடிக்கட்டைகளை எண் வரிசைப்படி எண்ணச் சொன்னேன். ஒரு புத்தகத்தில் மூன்று டிக்கெட் கிழித்திருக்கிறது, பணம் இன்னும் அந்த உறுப்பினரிடமே இருக்கிறது. 150. முன்னதோடு கூட்டினால் 246.

இனிக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் திருப்பித் தர வேண்டியது 18,000, வங்கியில் உள்ள 17,754 அல்ல. 150ஐ உறுப்பினரிடமிருந்து வாங்குங்கள். 96 மன்றத்தின் செலவு. நிகழ்ச்சியை நிறுத்தியது நாம். 50 கொடுத்தவருக்கு 49 கொடுத்து அனுப்புவது முறையல்ல.

ஆயர் ஈத்தாம்: கட்டணத்தை டிக்கெட் விலையில் சேர்க்காமல், வாங்குபவரிடமே தனியாக ஒரு வெள்ளி வசூலித்தோம். அதையும் திருப்ப வேண்டுமா?

திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. எனக்குத் தெரிந்த இரண்டு மன்றங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே 'இந்தத் தொகை திரும்பாது' என்று போட்டிருந்தோம் என்கிறார்கள். அப்படி முன்பே எழுதியிருந்தால் அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எந்த முடிவானாலும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கேட்டவருக்கு மட்டும் கொடுத்தால் கணக்கும் கெடும், பெயரும் கெடும்.

புக்கிட் மெர்தாஜம்: எங்களுக்கு விற்ற டிக்கெட்டும் வந்த பணமும் ஒரு சென் பிசகாமல் ஒத்துப்போகிறது. டிக்கெட் பட்டியலைப் பார்த்து எல்லாருக்கும் அனுப்பிவிடலாம் அல்லவா?

வேண்டாம். மொத்தம் ஒத்துப்போவது நல்ல அறிகுறி, ஆனால் அது போதாது. மேலே சொன்ன டூயிட்நவ் 6,000இல் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பெண்மணி இரண்டு டிக்கெட்டுக்கு 100 ரிங்கிட் அனுப்பினார். திரை சுற்றிக்கொண்டே நின்றதால் மறுபடியும் அழுத்தினார். இரண்டு முறையும் பணம் போய்விட்டது. இன்னொருவர் இரண்டு டிக்கெட் கேட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். டிக்கெட் பொறுப்பாளர் அதை நம்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் வங்கிக்கு வரவே இல்லை. பரிமாற்றம் கடைசியில் நின்றுபோயிருந்தது. அவரும் கவனிக்கவில்லை. 100 கூடுதல், 100 குறைவு, மொத்தம் சரியாக 6,000.

டிக்கெட் பட்டியலைப் பார்த்து அனுப்பியிருந்தால், பணமே தராதவருக்கு 100 போயிருக்கும், 200 கொடுத்த பெண்மணிக்கு 100தான் போயிருக்கும். கணக்காய்வாளர் பார்த்தாலும் மொத்தம் சரியாகவே இருக்கும். அந்த அம்மாள் தானாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

அதனால் யார் பெயரில் டிக்கெட் இருக்கிறது என்பதைவிட, யாரிடமிருந்து பணம் வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் சான்றாகாது, வங்கி அறிக்கையின் வரிதான் சான்று. எக்செலில் ஒரு தாளில் ஆர்டர்கள், `Masuk` தாளில் வந்த ஒவ்வொரு தொகை, இணைய ஆர்டரென்றால் சேவைக் கட்டணம் கழிக்கும் முன்னுள்ள முழுத் தொகை, `Pulang` தாளில் திருப்பிய ஒவ்வொரு தொகை. மூன்றிலும் A நெடுவரிசையில் ஆர்டர் எண், பணத் தாள்களில் தொகை C நெடுவரிசையில். ஆர்டர் தாளில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=SUMIFS(Masuk!C:C,Masuk!A:A,A2)-SUMIFS(Pulang!C:C,Pulang!A:A,A2)
```

பணத்தைத் திருப்பும் முன் இந்தத் தொகை டிக்கெட் விலையோடு ஒத்துப்போகாத வரிகள்தான் உங்கள் சிக்கல்கள். அந்தப் பெண்மணி 200 என்றும், ஸ்கிரீன்ஷாட்காரர் 0 என்றும் தானாகத் தெரிவார்கள். எல்லாம் திருப்பி முடித்த பிறகு ஒவ்வொரு வரியும் பூஜ்யம் காட்ட வேண்டும். `Masuk` தாளில் ஆர்டர் எண் இல்லாத வரிகளை மறந்துவிடாதீர்கள். அவை இந்தக் கணக்கில் வரவே மாட்டா. விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பிறை, இளைஞர் மன்றச் செயலாளர்: இவ்வளவு சிரமம் எதற்கு? டிக்கெட்டைக் கொண்டுவருபவருக்குப் பணம் என்று அறிவித்தால் முடிந்துவிடும்.

பாதி சரி ஐயா. ரொக்கமாக விற்ற டிக்கெட்டுக்கு அதுதான் வழி, வேறு சான்று இல்லை. டிக்கெட்டை வாங்கி, அடிக்கட்டையின் எண்ணோடு பொருத்தி, டிக்கெட்டின் மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஆனால் வங்கி வழியே பணம் கொடுத்தவர்களுக்கு இது ஆகாது. ஒருவர் ஆறு பேருக்குச் சேர்த்து 300 கட்டியிருப்பார்; மற்ற ஐவரில் இருவர் அவரிடம் இன்னும் பணம் தந்திருக்க மாட்டார்கள். அவர்கள் டிக்கெட்டைக் காட்டி ஆளுக்கு 50 வாங்கிப் போனால், கட்டியவர் நாளை உங்களிடம்தான் வருவார். பணம் வந்த கணக்குக்கே போகட்டும். அவர்களுக்குள் பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு.

பாயான் லெப்பாஸ்: வங்கி அறிக்கையில் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது. SARASWATHY A/P M என்று இரண்டு பேர், இருவரும் 100 அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஆர்டர் யாருடையது?

நம் பெயர்களுக்கு இது எப்போதும் உள்ள தொல்லை. தேதியும் நேரமும் முதல் துப்பு: ஆர்டர் பதிந்த நேரத்துக்குச் சில நிமிடங்களில் வந்த தொகை எது என்று பாருங்கள். அதிலும் தெளியாவிட்டால் இருவரையும் அழைத்து, எந்த வங்கியிலிருந்து எந்த நாளில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். தொலைபேசி எண்ணுக்கு டூயிட்நவ் வழி திருப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் வரும். அதைப் படித்துவிட்டு உறுதிசெய்யுங்கள். கணவர் கட்டி மனைவி பெயரில் ஆர்டர் இருப்பதும் உண்டு. பெயர் வேறாக இருந்தால் அழைத்துக் கேட்டபின் அனுப்புங்கள், குறிப்பும் எழுதி வையுங்கள்.

ஜோர்ஜ்டவுன்: அக்கா, நான் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினேன். ரத்தாகி மூன்று மாதமாகிறது, இன்னும் பணம் வரவில்லை. நீங்கள் எப்போது அனுப்புவீர்கள்?

அந்தக் கச்சேரிக்கும் எனக்கும் தொடர்பில்லை அம்மா. ஆர்டர் எண், பணம் அனுப்பிய நாள், தொகை, உங்கள் வங்கி அறிக்கையின் அந்த ஒரு வரி, நான்கையும் ஒரே மின்னஞ்சலில் ஏற்பாட்டாளருக்கு அனுப்புங்கள். பட்டியலில் நீங்கள் விடுபட்டிருந்தால் இந்த நான்கும்தான் உங்களைக் கண்டுபிடிக்க உதவும்.

சுங்கை பாக்காப்: ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. எப்படி நடந்திருக்கும்?

பெரும்பாலும் இரண்டு கைகள் வேலை செய்ததால். ஒருவர் கட்டணச் சேவையின் தளத்தில் கார்டுக்குத் திருப்பியிருப்பார். அது போய்ச் சேரச் சில நாட்களாகும். வரவில்லையே என்று வாங்கியவர் வாட்ஸ்அப்பில் கேட்பார், இன்னொருவர் இரக்கப்பட்டு வங்கியிலிருந்து அனுப்பிவிடுவார். கார்டில் கட்டியவர் தன் வங்கியிடமே புகார் செய்திருந்தால் அதன் வழியாகவும் பணம் திரும்ப எடுக்கப்படும். ஆகவே அனுப்பும் கை ஒன்றாக இருக்கட்டும், சரிபார்க்கும் கண் இன்னொருவருடையதாக இருக்கட்டும். அனுப்பும் முன் `Pulang` தாளில் அந்த ஆர்டர் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எஃப்பிஎக்ஸ் வழி கட்டியவர்களுக்கு, பெரும்பாலும், வந்த வழியே திருப்பும் வசதி இராது. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். அதை வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி கேட்காதீர்கள்.

பட்டர்வொர்த், நாடக மன்றப் பொருளாளர்: நன்றி அக்கா, 150 வந்துவிட்டது. இன்னொன்று. டிக்கெட் பணத்தை ஏற்கெனவே வருமானம் என்று எழுதிவிட்டேன். இப்போது திருப்பியதைச் செலவு என்று எழுதலாமா?

எழுதினால் நிகரத் தொகை சரியாக வரும், கதை தப்பாகிவிடும். 18,000 வருமானமும் 18,000 செலவுமாக, நடக்காத நாடகம் நடந்ததுபோல் ஆண்டறிக்கையில் நிற்கும். நாடகம் மேடையேறும் வரை அந்தப் பணம் நம்முடையதல்ல, பிறர் நம்மிடம் கொடுத்து வைத்தது. 'பெற்ற முன்பணம்' என்று கடன்பக்கம் ஒரு கணக்கைத் திறந்து 18,000ஐ வருமானத்திலிருந்து அங்கே மாற்றுங்கள். திருப்பும் ஒவ்வொரு தொகையும் அதைக் குறைக்கட்டும். செலவாக நிற்பது 96 ரிங்கிட்டும், மண்டபத்துக்குக் கட்டி வராமல் போன தொகை இருந்தால் அதுவும்தான்.

தஞ்சோங் பூங்கா: சிலர் 'பணம் வேண்டாம், மன்றமே வைத்துக்கொள்ளட்டும்' என்கிறார்கள். சிலரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை.

இரண்டும் வேறு. வேண்டாம் என்பவரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கி, முன்பணத்திலிருந்து நன்கொடைக்கு மாற்றி, ரசீது கொடுங்கள். பதில் தராதவர் நன்கொடை தந்தவராகிவிட மாட்டார். அவருடைய பணம் முன்பணக் கணக்கிலேயே, அவர் பெயரோடு, இருக்கட்டும்.

நான் முன்பு கணக்கு எழுதிய ஒரு மன்றத்தில் இப்படித்தான் இரண்டு டிக்கெட்டின் பணம் மீந்தது. அடிக்கட்டையில் பெயர் இல்லை, பென்சிலில் ஒரு தொலைபேசி எண் மட்டும், கடைசி இலக்கம் மழையில் நனைந்து மங்கிப்போயிருந்தது. அது ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்று என்று வைத்து அழைத்தோம், வேறு யாரோ எடுத்தார்கள். அதோடு விட்டுவிட்டோம், செயலவை அதை 'இதர வருமானம்' என்று மாற்றச் சொன்னது, நானும் மாற்றினேன். எட்டு மாதம் கழித்து ஒரு பாட்டி இரண்டு டிக்கெட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். எண் ஏழில்தான் முடிந்தது. பணத்தைக் கொடுத்தோம், ஆனால் கணக்கில் அவருக்கென்று ஒரு வரி இல்லை. செலவு என்று எழுத வேண்டியதாயிற்று. அது இன்றும் எனக்கு வருத்தம்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கோரப்படாத பணத்துக்கென்று 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் மன்றம் அதற்குள் வருமா என்பதைக் கணக்காய்வாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை அந்த வரிகளை ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையில் ஆர்டர் எண்ணும் தொகையுமாகக் காட்டுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருக்கு அந்த ஆளைத் தெரிந்திருக்கும்.