'மை மா?': விற்கிறீர்களா, வாங்குகிறீர்களா?

ரிச்சி தெரு வியாபாரி: சீனச் சப்ளையர்கிட்ட "விக்கிறீங்களா?"ன்னு அவங்க பாஷையிலயே கேட்டா, "வாங்குறீங்களா?"ன்னு கேட்ட மாதிரி பதில் சொல்றார். எங்கே தப்பு?

சொல் சரி சார், மெட்டுதான் மாறிவிட்டது. மாண்டரினில் 'மை'யை மேலிருந்து சட்டென்று இறக்கினால் 'விற்பது'. அடியில் தாழ்த்திச் சொன்னால் 'வாங்குவது'. பின்னால் வரும் 'மா' நம் 'ஆ' போலக் கேள்வியாக்கும். அதற்கென்று தனி டோன், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் மெட்டு, இல்லை. இறங்கும் 'மை'க்குப் பின் தாழ்ந்து நிற்கும், தாழ்ந்த 'மை'க்குப் பின் சற்று எழும்.

நாமோ "விக்கிறீங்களா" என்று கடைசி எழுத்தைத் தூக்கிப் பழகியவர்கள். அதே பழக்கத்தில் 'மை'யைத் தாழ்த்தி 'மா'வைத் தூக்கினால், 'வாங்குகிறீர்களா' என்பதன் மெட்டு அப்படியே வந்துவிடும். "போ!" என்று அதட்டும்போது குரல் விழுமே, அப்படி 'மை'யை விழவிடுங்கள். 'மா'வைக் குட்டையாக, தாழ்வாக விடுங்கள். கேள்வி அந்த 'மா'விலேயே இருக்கிறது.

முன்னால் வரும் 'நீ'யும் கவனிக்க வேண்டியது (அங்கேயும் அது நம் 'நீ'தான்!). 'விற்பது'க்கு முன் அது தாழ்ந்திருக்கும், 'வாங்குவது'க்கு முன் ஏறும்.

பெரம்பூர் வாசகர்: 'வந்தான்', 'வந்தான்?' ரெண்டும் சுருதியாலதானே மாறுது? அப்போ தமிழும் டோன் மொழிதானே?

பாதி சரி. சுருதி மாறுகிறது, ஆனால் வந்தவன் வந்தவன்தான், வாக்கியம்தான் கேள்வியாகிறது. டோன் மொழியில் சொல்லே வேறாகிவிடும்.

பெரம்பூர் வாசகர்: 'ம்' மட்டும் சொன்னா? ஒரு மாதிரி இழுத்தா 'சரி', தூக்கினா 'என்ன?'.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அங்கே சுருதியைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ஆனால் சாதாரணப் பெயர்ச்சொற்களில் அப்படி ஒரு ஜோடி தமிழில் கிடைக்காது. 'ம்'மைச் சொல்லாகக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

குரோம்பேட்டை ஆசிரியை: இந்திய மொழிகள்ல டோன் கிடையாதுன்னுதான் மாணவர்களுக்குச் சொல்லிட்டிருக்கேன்.

மாற்றிக்கொள்ளுங்கள் மேடம். பஞ்சாபியில் 'கோடா'வைத் தாழ்த்திச் சொன்னால் குதிரை, உயர்த்தினால் தொழுநோயாளி, சமமாகச் சொன்னால் சாட்டை. இந்தியில் 'க்ஹோடா' என்று மூச்சோடு வரும் முதல் எழுத்து அங்கே மூச்சை இழந்தது. அந்த இடத்தைத் தாழ்ந்த டோன் பிடித்துக்கொண்டது. மணிப்புரியிலும் டோன் உண்டு.

அண்ணா நகர் அம்மா: பொண்ணு ஆறு வருஷமா பாட்டு கத்துக்கறா. அவளுக்குச் சீனம் சுலபமா வருமா?

ஏற்ற இறக்கம் காதில் சீக்கிரம் விழும். ஆனால் பாட்டில் ஸ்வரத்தின் இடம் சுருதிப்பெட்டியை ஒட்டி நிற்கும். பேச்சில் 'உயரம்' என்பது அவரவர் குரலுக்குள் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தைத் தேடினால் பேசுவது பாடுவது போலாகிவிடும்.

ரிச்சி தெரு வியாபாரி: நான் சரியாச் சொல்றேனான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?

Praat என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து சுருதிக்கோட்டைப் பாருங்கள். ஆண் குரலுக்கு 75–300, பெண் குரலுக்கு 100–500 ஹெர்ட்ஸ் வரம்பு வையுங்கள். வரம்பு தப்பினால் கோடு திடீரென இரட்டிப்பு உயரத்துக்கோ பாதிக்கோ தாவும். அதை டோன் என்று நினைக்காதீர்கள். 'வாங்குவது' சொல்லும்போது கோடு நடுவில் அறுந்தால் கவலை வேண்டாம், அவ்வளவு தாழ்வில் குரல் கரகரப்பது இயல்பு. 'விற்கிறீர்களா'வில் 'மை' முழுக்கச் சரிந்து, 'மா' அடியிலேயே நிற்க வேண்டும்.