பிரிக்காமல் திருப்பி அனுப்பிய பார்சலுக்குப் பணம் கேட்பது எப்படி? – கேள்வி பதில்

செல்வி, நாகர்கோவில்: தீபாவளிக்கு முன்னால், அக்டோபர் 17-க்குள் வந்துவிடும் என்று ஆன்லைன் கடையில் போட்டிருந்த போர்வை செட் 29-ம் தேதிதான் வந்தது. நான் வீட்டில் இல்லை. அம்மா 1,899 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்துவிட்டார். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பிரிக்காமலே அவர்கள் சொன்ன ஈரோடு முகவரிக்கு 31-ம் தேதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். அதற்கப்புறம் எத்தனை மெயில் போட்டாலும் "உங்கள் ஆர்டர் டெலிவரி ஆகிவிட்டது, நன்றி" என்றே பதில் வருகிறது. வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்களா?

பதில்: அப்படி முடிவுகட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். மெயிலில் எந்த டிராக்கிங் எண்ணைக் கொடுத்தீர்கள்?

செல்வி: பெட்டி மேல் ஒட்டியிருந்த கூரியர் எண்.

பதில்: சிக்கல் அங்கேதான். ஒரு ஆன்லைன் கடையின் ரிட்டர்ன் பிரிவில் சில காலம் வேலை பார்த்தவன் நான். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் கடிதத்தை முழுதாகப் படிப்பதில்லை. எண்ணை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். பெட்டி மேல் இருப்பது கடையிலிருந்து உங்களுக்கு வந்த பயணத்தின் எண். அதைத் தட்டினால் 29-ம் தேதி டெலிவரி, பணம் வசூல் என்று காட்டும். சரி, வேலை முடிந்தது என்று புகாரை மூடிவிடுவார்.

நீங்கள் கொடுக்க வேண்டியது தபால் ரசீதில் உள்ள எண். இரண்டு எழுத்தில் தொடங்கி, நடுவே ஒன்பது இலக்கம் இருந்து, IN என்று முடியும். அதை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டு Item Delivered என்ற வரியை, தேதியும் டெலிவரி செய்த தபால் நிலையமும் தெரிகிற மாதிரி இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பழைய பதிவுகள் எப்போதும் தளத்தில் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொன்று. கார்டில் கட்டியிருந்தால் பணம் அதே கார்டுக்குத் திரும்பிவிடும். நீங்கள் கொடுத்தது ரொக்கம். எங்கே அனுப்புவது என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் இதை எழுதாமல் விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

தலைப்பு வரியிலேயே ஆர்டர் எண், ரிட்டர்ன் டிராக்கிங் எண் இரண்டையும் போட்டு இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். மேற்கண்ட ஆர்டருக்கு 29.10.2025 அன்று டெலிவரியின்போது ரூ.1,899 ரொக்கமாகச் செலுத்தப்பட்டது. 17.10.2025-க்குள் தருவதாகச் சொன்ன பொருள் தாமதமாக வந்ததால், உங்கள் ஒப்புதலோடு, பிரிக்காமல் 31.10.2025 அன்று ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்பினேன். கீழே உள்ள ஸ்பீட் போஸ்ட் எண்ணின்படி பார்சல் 04.11.2025 அன்று உங்கள் ஈரோடு முகவரியில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதன் எடை ரசீதில் உள்ளது. ரூ.1,899-ஐக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்குக்கு 22.11.2025-க்குள் அனுப்பி, பரிமாற்ற எண்ணைத் தெரிவிக்கவும். ரசீது, டெலிவரி ஸ்கிரீன்ஷாட், ஒட்டு பிரியாத பெட்டியின் படம், திருப்பி அனுப்பச் சொன்ன உங்கள் செய்தி ஆகியவற்றை இணைத்துள்ளேன்."

டெலிவரி தேதியை ஸ்கிரீன்ஷாட்டில் உள்ளபடியே மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கணக்கில் உள்ளபடி பெயர் போதும். ஆர்டர் உங்கள் பெயரிலும் கணக்கு அம்மா பெயரிலும் இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று கிடப்பில் போடுவது சாதாரணமாக நடக்கிறது. திருப்பி அனுப்பிய தபால் செலவையும் தனி வரியில் கேட்கலாம். தருவார்களா என்பது வேறு விஷயம். அதற்காக 1,899-ஐ இழுத்தடிக்க இடம் கொடுக்காதீர்கள்.

பிரகாஷ், ஓசூர்: இவ்வளவு எதற்கு? ஆன்லைனில் வாங்கிய எதையும் 7 நாளில் திருப்பலாம் என்று சட்டமே இருக்கிறதே.

பதில்: அப்படிப் பொதுவான சட்டம் இங்கே இல்லை. 7 நாள், 10 நாள் எல்லாம் அந்தந்தக் கடை தானே வைத்துக்கொண்ட விதி. மனசு மாறித் திருப்பினால் அந்த விதிதான் பேசும். ஆனால் 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சில காரணங்களுக்குக் கைகொடுக்கும். குறைபாடு, போலி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள், அப்புறம் சொன்ன தேதிக்குப் பிந்திய டெலிவரி. இவற்றுக்குத் திரும்ப வாங்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. தாமதத்துக்குக் கையை மீறிய இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் இருந்தால் அது விலக்கு. செல்விக்கு எழுதிக் கொடுத்த மெயிலில் தாமதத்தைச் சேர்த்ததும் இதனால்தான். "பிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் பிடிமானம் போய்விடும்.

மும்தாஜ், வாணியம்பாடி: நானும் பிரிக்கவே இல்லை, வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு எத்தனை நாளில் பணம் வரும்?

பதில்: டெலிவரி பையனிடம் பணம் கொடுக்கவில்லை என்றால் திரும்பி வர எதுவும் இல்லையே, அக்கா. ஆர்டர் போடும்போது உறுதிக்கு என்று 99 ரூபாய் போல முன்பணம் கட்டச் சொல்லும் கடைகள் உண்டு. அப்படி ஏதாவது யுபிஐ-யில் கட்டினீர்களா என்று பாருங்கள். கட்டியிருந்தால், பழைய கூரியர் எண்ணிலேயே RTO Delivered, அதாவது பார்சல் கடைக்கே திரும்பிச் சேர்ந்தது என்று வருகிறதா என்று பார்த்து, அதற்கப்புறம் கேளுங்கள். அந்த முன்பணம் திரும்பாது என்று கடை முதலிலேயே எழுதியிருந்தால் வாங்குவது கஷ்டம்தான்.

கோமதி, பல்லடம்: எனக்கு வேறு கதை. நான் திருப்பி அனுப்பிய பார்சல் வந்தது, ஆனால் பெட்டி காலியாக இருந்தது என்கிறார் கடைக்காரர்.

பதில்: எடையைப் பாருங்கள். வந்தபோது பெட்டி மேல் இருந்த லேபிளிலும் பெரும்பாலும் எடை இருக்கும், நீங்கள் அனுப்பிய ரசீதிலும் இருக்கும். 1.9 கிலோ வந்து 1.9 கிலோ திரும்பியிருந்தால் காலிப் பெட்டிக் கதை நிற்காது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பி, அவர்கள் பெட்டியைப் பிரித்த வீடியோவைக் கேளுங்கள். லேபிளில் தோராயமாக 0.5 கிலோ என்று மட்டும் அச்சடித்திருந்தால் இந்த வாதம் பலவீனம். அப்போது பெட்டியின் படங்களை நம்பித்தான் பேச வேண்டும்.

கதிர், திருச்சி: கடையே ஆள் அனுப்பிப் பார்சலை வாங்கிப் போனார்கள். டிராக்கிங் இன்னும் Pickup Pending என்றே நிற்கிறது.

பதில்: வந்தவர் ஸ்கேன் செய்யாமல் எடுத்துப் போயிருக்கிறார். ரசீதோ குறுஞ்செய்தியோ இருந்தால் அதை அனுப்புங்கள். இல்லையென்றால் அவர் அழைத்த எண், நேரம், தெருவில் கேமரா இருந்தால் அந்தப் பதிவு. இது எதுவுமே இல்லாமல் பணம் வாங்கியவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. உறுதியாக என்னால் சொல்ல முடியாது.

ராஜா, கடலூர்: "ரீஃபண்டு போட்டாச்சு" என்கிறார்கள், கணக்கில் இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் ஒருவர் க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார்.

பதில்: ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் தேவையில்லை, அது பணம் கொடுப்பதற்குத்தான். உண்மையிலேயே அனுப்பியிருந்தால் யுடிஆர் எண் என்கிற வங்கிப் பரிமாற்ற எண் இருக்கும். அதைக் கடையின் பழைய மெயில் முகவரியிலேயே கேட்டு வாங்கி உங்கள் வங்கியில் காட்டுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

செல்வி: 22-ம் தேதிக்கும் வரவில்லை என்றால்?

பதில்: அதே மெயிலைக் கடையின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். பெயரும் முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் கடையோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். e-Jagriti தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1,899 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் விருப்பம். முதலில் சரியான எண்ணோடு அந்த மெயிலைப் போடுங்கள்.