கட்டி இருக்கிறது சரி, ரத்தப்போக்கு அதனால்தானா?

கேள்வி: எனக்கு 44 வயது. சர்க்கரை நோய் உண்டு, உடம்பும் பருமன். ஒரு வருடமாக மாதவிலக்கு 50, 60 நாள் தள்ளிப்போகிறது. வந்தால் 12 நாள் வரை கட்டி கட்டியாகப் போகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 2 செ.மீ. ஃபைப்ராய்டு, உட்சவ்வு 16 மி.மீ. என்று வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டுமா டாக்டர்?

பதில்: அதற்குள் அந்தக் கட்டி மேல் பழி போட வேண்டாம், அம்மா. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஸ்கேன் எடுத்தால் பலருக்கும் ஃபைப்ராய்டு தென்படும். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்தி நிற்கும் கட்டிதான் அதிகம் தொல்லை தரும். சுவருக்குள் அடங்கிய 2 செ.மீ. கட்டி மாதவிலக்கை 60 நாள் தள்ளிப்போடாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2011இல் சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ, மாறுபட்ட ரத்தப்போக்கின் காரணங்களை இரண்டாகப் பிரித்தது. கர்ப்பப்பையின் அமைப்பில் உண்டாகும் கோளாறுகள் ஒரு பக்கம்: உட்சவ்வில் வளரும் சிறு சதையான பாலிப், உட்சவ்வு சுவருக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸ், ஃபைப்ராய்டு, புற்றுநோயும் அதற்கு முந்தைய சவ்வுத் தடிப்பும். அமைப்பு சரியாக இருந்தும் ரத்தம் போவது மறுபக்கம்: ரத்தம் உறைவதில் குறை, கருமுட்டை வெளிவராமை, சவ்வின் சொந்தக் கோளாறு, காப்பர்-டி அல்லது மருந்துகளின் விளைவு போன்றவை. ஒருவருக்கே இரண்டு காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கருமுட்டை மாதாமாதம் வெளிவராததுதான் காரணமாகத் தோன்றுகிறது. முட்டை வராவிட்டால் சவ்வைக் கட்டுக்குள் வைக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வை வளர்த்துக்கொண்டே போகும், பிறகு அது தாறுமாறாக உதிரும். வருடக்கணக்கில் இப்படியே நீடித்தால் சவ்வு புற்றுநோய் வழியில் திரும்பவும் கூடும். பருமனும் சர்க்கரையும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள், 44இல் கர்ப்பம் நடக்காத விஷயமல்ல. கூடவே ஹீமோகுளோபின், தட்டணுக்கள், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. கர்ப்பப்பை வாயை நேரில் பார்த்து பாப் ஸ்மியர் எடுக்க வேண்டும். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போனவர்களுக்கும், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதவர்களுக்கும் மட்டும் உறைதல் சோதனை போதும்.

அந்த 16 மி.மீ. கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாதவிலக்கு நிற்காத வயதில் சவ்வின் தடிமன் நாளுக்கு நாள் மாறும். ரத்தம் நின்றதும் பிறப்புறுப்பு வழியாக மறுபடி ஸ்கேன் எடுங்கள்; பாலிப், அடினோமயோசிஸ் அதில் தெளிவாகத் தெரியும்.

ஆனால் சவ்வின் தன்மையை எந்த ஸ்கேனும் சொல்லாது. அதற்குச் சவ்வில் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் வேண்டும். 45 வயதானால் பொதுவாகவே செய்வோம். உங்களுக்கிருக்கும் ஆபத்துகளுக்கு 44இலேயே அவசியம். மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, மயக்க மருந்தில்லாமல் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். மாதவிலக்கு வலி போலச் சற்று இழுக்கும். உள்ளே பார்க்காமல் எடுப்பதால் சிறு பாலிப் தப்பிவிடலாம். முடிவு நன்றாக வந்தும் ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் சிறு கேமராவைச் செலுத்தும் ஹிஸ்டிராஸ்கோப்பி செய்து நேரில் பார்க்க வேண்டும்.

செல்களில் விபரீத மாற்றம் இல்லையென்றால் புரொஜெஸ்டிரோன் மாத்திரையோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்போ போதும். மாற்றம் இருந்தால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ரிப்போர்ட் வரும்வரை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்காதீர்கள். அதற்கிடையில் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ தலைசுற்றினாலோ, அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.