வீட்டு லாப்டாப்பில் மைன்கிராஃப்ட் சர்வர்: கேட்டவர்களுக்குப் பதில்

திருகோணமலையில் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேருக்காக வீட்டிலேயே ஒரு மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓட்டுகிறேன். என் பதில்கள் அந்த விளையாட்டை வைத்துத்தான்.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, நாங்கள் 6 பேர். பழைய ஐ5 லாப்டாப், 8 ஜிபி ரேம். வீட்டில் ஃபைபர், டவுன்லோட் 40, அப்லோட் 5 காட்டுது. காணுமா?

காணும் தம்பி. ஆனால் அந்த 40-ஐ மறந்துவிடுங்கள். சர்வர் உங்கள் வீட்டில் இருந்தால் மற்ற ஐந்து பேருக்கும் உலகம் உங்கள் அப்லோட் வழியாகத்தான் போகும். கட்டி முடித்த ஊருக்குள் நடமாடுகிற ஒருவருக்கு நான் அளந்தபோது 100 முதல் 200 கேபிபிஎஸ்தான் போனது. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு எம்பிபிஎஸ். அவ்வளவுதான்.

இடிக்கிற இடம் வேறு. ஒருவர் உள்ளே வரும்போதோ, இறக்கை கட்டிக்கொண்டு புது நிலம் பார்க்கப் பறக்கும்போதோ, சுற்றியுள்ள நிலத்துண்டுகளை, அதாவது சங்க்குகளை, சர்வர் மொத்தமாக அனுப்பும். பார்வைத் தூரம் வழக்கமாக 10. ஆளைச் சுற்றி 21க்கு 21, ஆகமொத்தம் 441 சங்க். சுருக்கிய பிறகு ஒன்று 10 கேபி என்று வைத்தால்கூட 4.4 மெகாபைட். பிட் கணக்கில் 35 மெகாபிட். உங்கள் 5 எம்பிபிஎஸ் வழியை ஒரே ஆள் 7 செக்கனுக்கு முழுசாகப் பிடித்துக்கொள்வார். அந்த 7 செக்கனும் மற்றவர்களுக்கு ஆடு மாடு எல்லாம் உறைந்து நிற்கும்.

`server.properties` கோப்பில் இதை மாற்றுங்கள்:

```
view-distance=6
```

இப்போது 13க்கு 13, 169 சங்க். 7 செக்கன் வேலை 3 செக்கனுக்குள் முடியும். தூரத்து மலை தெரியாது என்று யாராவது முறைப்பாடு சொல்வார்கள், சொல்லட்டும்.

உவர்மலையிலிருந்து: இதெல்லாம் ரேம் விசயம். நான் கழித்துப்போட்ட ஆபீஸ் சர்வர் வாங்கி 32 ஜிபியையும் விளையாட்டுக்கே கொடுத்திருக்கிறேன். என்ன, இடைக்கிடை எல்லோருக்கும் ஒரு செக்கன் உறையும், அவ்வளவுதான்.

ரேம் வேண்டும் என்பது சரி. எல்லாவற்றையும் கொடுத்ததுதான் பிழை. அந்த ஒரு செக்கன் உறைவு பெரும்பாலும் ஜாவா ரேமில் சேர்ந்த தன் குப்பையைக் கூட்டுகிற நேரம். வீடு பெரிதானால் கூட்டவும் நேரம் எடுக்கும். ஆறு பேருக்கு 4 ஜிபி போதும்:

```
java -Xms4G -Xmx4G -jar paper.jar nogui
```

அப்புறம், பழைய ஆபீஸ் சர்வரில் கோர்கள் நிறைய, ஒவ்வொன்றின் வேகம் குறைவு. மைன்கிராஃப்ட்டின் முக்கிய வேலை ஒரே கோரில்தான் ஓடும். செக்கனுக்கு 20 சுற்று, ஒரு சுற்றுக்கு 50 மில்லிசெக்கன். அதற்குள் முடியாவிட்டால் மற்றக் கோர்கள் எல்லாம் கை கட்டி வேடிக்கை பார்க்கும். பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் `/mspt` என்று அடித்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிசெக்கன் போகிறது என்று காட்டும். சராசரி 30க்குள் இருந்தால் கவலை இல்லை. 50-ஐத் தாண்டினால் திரையில் `Can't keep up!` என்று வரத் தொடங்கும்.

லாப்டாப்காரருக்கும் ஒன்று. நம் கடற்காற்றில் காற்றாடி சீக்கிரம் அழுக்கடையும். சூடேறினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு இழுத்தால் முதலில் காற்றாடியைத் திறந்து துடையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: அண்ணா, எங்கட சர்வர் பகலில் நல்லா ஓடுது. இரவு ஏழரைக்குப் பிறகு எல்லோரும் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு இழுபடுறம். `/mspt` 18தான் காட்டுது. புது லாப்டாப் வாங்கோணுமா?

வேண்டாம் தங்கச்சி. 18 என்றால் லாப்டாப் சும்மா இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. லாப்டாப்பில் இரண்டு கட்டளை ஜன்னல் திறந்து, இரண்டிலும் ஒவ்வொன்றாக ஓடவிட்டேன்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது ரூட்டர் வரைக்கும். இரண்டாவது வெளி உலகத்துக்கு. ரூட்டர் 1 மில்லிசெக்கனில் பதில் சொன்னது. வெளி உலகம் 40இலிருந்து ஏறி 800க்கு மேல் போனது. வைஃபையில் பிழை என்றால் முதலாவதே ஏறியிருக்கும்.

வீட்டில் ஒவ்வொரு ஃபோனாக வைஃபையை நிறுத்திப் பார்த்தேன். அக்காவின் ஃபோனை நிறுத்தியதும் 40க்கு வந்தது. அவர் வேலையால் வந்ததும் அன்றைய படங்கள் எல்லாம் தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ரூட்டருக்குள் அரை மெகாபைட் வரிசையில் நின்றால், 5 எம்பிபிஎஸ் வழியில் அது போய் முடியவே 0.8 செக்கன். உங்கள் விளையாட்டுப் பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். அதனால்தான் ஸ்பீட் டெஸ்ட் நல்லாயிருந்தும் விளையாட்டு இழுக்கிறது.

ரூட்டரில் மொத்த அப்லோடுக்கு எல்லை போடும் வசதி இருந்தால் அளந்ததில் 85 வீதம், 5 எம்பிபிஎஸ்ஸுக்கு 4.2 மட்டில், போடுங்கள். சில ரூட்டர்களில் அந்த அமைப்பே இருக்காது. எனதிலும் இல்லை. அக்காவிடம் சொல்லி, படம் ஏறுவதை நள்ளிரவுக்கு மேல் சார்ஜில் போடும்போது மட்டும் என்று மாற்றினோம். எல்லா ஃபோனையும் நிறுத்தியும் 800 இறங்கவில்லை என்றால் நெரிசல் வீட்டுக்கு வெளியே. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சீனக்குடாவிலிருந்து: எனக்கு ஃபோனில் ஃப்ரீ ஃபயர் பிங் 150. இந்த லாப்டாப் முறையில் குறையுமா?

குறையாது. அது அந்த நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது, நீங்கள் வைக்க முடியாது. இரண்டு பிங் சோதனையை மட்டும் செய்து பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து: எனக்கு 4ஜி ரூட்டர்தான். 25565 போர்ட் திறந்துவிட்டேன், ஆனாலும் ஒருவரும் உள்ளே வரமுடியல.

ரூட்டர் பக்கத்தில் காட்டுகிற வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டிருக்கிறார்கள். உங்கள் வாசலைத் திறந்தும் பயனில்லை, தெருவின் படலை பூட்டியிருக்கிறது. டெயில்ஸ்கேல் போட்டு நண்பர்களையும் போடச் சொன்னால் வழி கிடைக்கும். நானாக இருந்தால் கூட்டத்தில் ஃபைபர் உள்ளவர் வீட்டில் சர்வரை வைப்பேன். 4ஜியில் அப்லோட் மணிக்கு மணி மாறும்.

அனுராதபுரச் சந்தியிலிருந்து: மச்சான் டொரொன்டோவில. அப்லோடை 20 ஆக்கினா அவனுக்கும் நல்லா ஓடுமா?

ஓடாது. இங்கிருந்து அங்கே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் வெளிச்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வர 130 மில்லிசெக்கன், அதுவும் கேபிள் நேராகக் கிடந்தால். கேபிள் நேராகக் கிடக்காது, ஆகவே இருநூறைத் தாண்டும். வீடு கட்டலாம், தோட்டம் செய்யலாம். சண்டைக்கு அவரைக் கூப்பிடாதீர்கள்.

உப்புவெளியிலிருந்து, மறுபடி: அண்ணா, 6 ஆக்கினேன், உள்ளே வரும்போது உறையிறது நின்றிட்டுது. ஆனா ஞாயிறு பின்னேரம் மட்டும் இன்னும் இழுக்குது. `/mspt` 22.

அப்படியென்றால் லாப்டாப் இல்லை. ஞாயிறு பின்னேரம் உங்கள் வீட்டில் யார் என்ன ஏற்றுகிறார்கள்? அந்த நேரத்திலேயே இரண்டு பிங்கையும் ஓடவிட்டு, இரண்டு எண்ணையும் அனுப்புங்கள்.