ராக் குழுக்களின் பணம் எங்கே போனது? – ஒரு கடிதம்

வணக்கம்,

இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது மெட்டாலிகா என்ற ராக் குழு வழக்குப் போட்டது பற்றி உங்கள் தளத்தில் வந்த குறிப்பைப் படித்துவிட்டு நண்பர்களுக்குள் பெரிய சண்டை. நாப்ஸ்டர்தான் ராக் இசையைக் கொன்றது என்கிறான் ஒருவன். குழுக்கள் எப்போதுமே கச்சேரியில்தான் சம்பாதித்தார்கள், நஷ்டம் எல்லாம் இசைக் கம்பெனிகளுக்குத்தான், மெட்டாலிகா பேராசையில் கத்தியது என்கிறான் இன்னொருவன். எனக்கு இரண்டுமே பாதி சரி என்று தோன்றுகிறது. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாவது நண்பர் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார், ஆனால் மெட்டாலிகாவை எல்லாக் குழுக்களுக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டதில் தடுக்கி விழுகிறார். அவர்களை அப்புறம் பார்ப்போம். முதலில், 2000 வாக்கில் அமெரிக்காவில் ஒரு நடுத்தர ராக் குழு சிடி விற்று எவ்வளவு பார்த்தது என்று ஒரு கணக்குப் போடலாம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை, ஆனால் அந்தக் காலத்து ஒப்பந்த வழக்கத்தை மீறாதவை.

சிடியின் விலை 16 டாலர். அதில் 25 சதவீதத்தை ‘பேக்கேஜிங்’ என்று கம்பெனி முதலிலேயே கழித்துவிடும், மீதி 12 டாலர். குழுவின் ராயல்டி 12 சதவீதம், அதிலேயே ஒலிப்பதிவை நடத்தும் தயாரிப்பாளருக்கு 3 சதவீதம் போய்விடும். ஆக ஒரு சிடிக்கு 1.08 டாலர். 2 லட்சம் சிடி விற்றால் (சாதாரண விற்பனை இல்லை இது) 2,16,000 டாலர். நல்ல பணம்தானே என்று தோன்றும். ஆனால் முன்பணமும் ஒலிப்பதிவுச் செலவும் சேர்த்து 2,50,000, வீடியோ செலவில் பாதி 50,000, சுற்றுப்பயணத்துக்குக் கம்பெனி கொடுத்த உதவி 50,000, எல்லாமே குழுவின் பங்கிலிருந்துதான் திரும்பக் கழிக்கப்படும். கணக்கு முடியும்போது குழு கம்பெனிக்கு 1,34,000 டாலர் பாக்கி! கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை, ஆனால் அடுத்த ஆல்பத்தின் கணக்கில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதே 2 லட்சம் சிடியில் கம்பெனிக்கு, ஒரு சிடிக்குச் சுமார் 10 டாலர் மொத்தவிலை என்று வைத்தால், 20 லட்சம் டாலர் வந்திருக்கும்.

இப்போது கோப்புப் பகிர்வு வந்து அந்த 2 லட்சம் 1 லட்சமாகிறது என்று வையுங்கள். குழுவின் ராயல்டிக் காசோலைக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் முன்பும் அது வரவில்லை. உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வது இந்த இடம் வரை சரி. ஆனால் கம்பெனி சும்மா இருக்குமா? அடுத்த ஆல்பத்துக்கான முன்பணத்தைக் குறைக்கும், வேன் வாடகைக்கும் ஹோட்டலுக்கும் கொடுத்துவந்த சுற்றுப்பயண உதவியை நிறுத்தும், மூன்றாவது ஆல்பத்தில் பேர் வாங்கிவிடுவார்கள் என்று காத்திருக்காமல் முதல் ஆல்பத்தோடு கழற்றிவிடும். நடுத்தரக் குழுக்களை அடித்தது இதுதான். ராயல்டியாக எதுவும் பார்க்காதவர்கள், முன்பணமாகப் பார்த்ததை இழந்தார்கள்.

விற்பனை ஏன் அவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதில் கம்பெனிகளின் சொந்தக் கைங்கரியமும் உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பல ஹிட் பாடல்களைத் தனி சிங்கிளாக விற்பதையே குறைத்துவிட்டார்கள். ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டு வேண்டுமா, முழு சிடியை 16 டாலருக்கு வாங்கு. அந்த நிலையில்தான் 1999 ஜூனில் ஷான் ஃபானிங் என்ற கல்லூரி மாணவர் நாப்ஸ்டரைக் கொண்டுவந்தார். யாருடைய கணினியில் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் அவர்கள் சர்வரில், பாட்டு நேராக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வீட்டு மோடத்தில் ஒரு பாட்டு இறங்கக் கால் மணி நேரம் ஆனாலும் கல்லூரி விடுதியின் வேகமான இணைப்பில் நிமிடக் கணக்குதான், அதனால்தான் அது மாணவர்களிடம் அப்படிப் பரவியது. அமெரிக்க இசைப்பதிவு விற்பனை 1999-ல் சுமார் 1,460 கோடி டாலர். அதுதான் உச்சம், பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. எல்லாமே பகிர்வின் வேலையா என்று பொருளியலாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பாதிப்பு கிட்டத்தட்ட இல்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு, எனக்கு அது நம்பும்படியாக இல்லை. ஆனால் 2003-ல் ஐடியூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியபோது, காசு கொடுத்தவர்களும் ஆல்பத்தை விட்டுவிட்டு ஒற்றைப் பாட்டைத்தானே எடுத்தார்கள்!

சரி, மெட்டாலிகா. ஒரு படத்துக்காக அவர்கள் செய்துகொண்டிருந்த, இன்னும் முடிக்காத ஒரு பாட்டு சில ரேடியோ நிலையங்களில் ஓடுவது தெரியவந்து, எங்கிருந்து கசிந்தது என்று தேடிப்போனபோதுதான் நாப்ஸ்டரும், அதில் தங்கள் பாடல்கள் மொத்தமும் கிடப்பதும் தெரிந்தது. 2000 ஏப்ரலில் வழக்குப் போட்டார்கள். நாப்ஸ்டரோடு மூன்று பல்கலைக்கழகங்களையும் சேர்த்தார்கள், அதில் யேல் உடனே நாப்ஸ்டரைத் தடுத்துவிட்டு வழக்கிலிருந்து தப்பித்தது. ஒரு நிறுவனத்தை வைத்து ஒரு வார இறுதியில் கண்காணித்ததில் தங்கள் பாடல்களைப் பகிர்ந்த 3,35,435 பயனர் பெயர்கள் கிடைத்தன. மே 3 அன்று டிரம்மர் லார்ஸ் உல்ரிச் அதை அச்சடித்துப் பெட்டி பெட்டியாகக் கலிஃபோர்னியாவில் இருந்த நாப்ஸ்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார். வாசலில் ரசிகர்களே நின்று திட்டினார்கள். விளம்பரம் என்ற வகையில் அதைவிட மோசமாக ஒன்றை யோசித்திருக்க முடியாது. ஆனால் பேராசை என்ற குற்றச்சாட்டு எனக்கு ஒப்பவில்லை. தொண்ணூறுகளில் தங்கள் கம்பெனியோடு மோதி, தங்கள் பதிவுகளின் மீதே உரிமை வாங்கிய அபூர்வமான குழு அது. நான் மேலே போட்ட கணக்கு அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இழந்தது உண்மையிலேயே அவர்கள் பணம், அதனால்தான் முன்னால் வந்து நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு சிகாகோவின் வில்கோ என்ற ராக் குழு. 2001-ல் இவர்கள் முடித்துக் கொடுத்த ஆல்பத்தை வார்னர் குழுமத்தின் ரிப்ரைஸ் வேண்டாம் என்றது. பதிவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செப்டம்பரில் தங்கள் தளத்திலேயே முழுசாக இலவசமாகக் கேட்க வைத்துவிட்டார்கள். 2002 ஏப்ரலில் அது கடைக்கு வந்தபோது அமெரிக்கப் பட்டியலில் 13-ஆம் இடம், அதுவரை அவர்கள் தொடாத உயரம். வெளியிட்டது நான்சச், அதுவும் வார்னர் குழுமம்தான். வேண்டாம் என்ற சரக்குக்கே இரண்டாம் முறை காசு கொடுத்தார்கள். ஆனால் வில்கோவுக்கு ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த ரசிகர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதை எல்லோருக்குமான வழி என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பணம் கச்சேரிக்கு நகர்ந்தது உண்மை. பொருளியலாளர் ஆலன் க்ரூகர் கணக்கிட்டபடி 1996 முதல் 2003 வரை அமெரிக்காவில் கச்சேரி டிக்கெட்டின் சராசரி விலை 82 சதவீதம் ஏறியது, பொது விலைவாசி ஏறியது 17 சதவீதம்தான். முன்பு டிக்கெட்டைக் குறைவாக வைத்தால் வந்தவர்கள் ஆல்பம் வாங்குவார்கள் என்ற கணக்கு இருந்தது, ஆல்பமே விற்காதபோது யாருக்காகக் குறைக்க வேண்டும்? இந்த ஏற்றம் பெரிய பெயர்களுக்குத்தான் அதிகம் போய்ச் சேர்ந்தது. சின்னக் குழுவின் வருமானத்தில் ஏஜென்ட் 10 சதவீதம், மேனேஜர் 15 முதல் 20 என்று போக, டி-ஷர்ட் விற்றதில் அரங்கமும் பங்கு கேட்கும். மிச்சத்தில் டீசல் போட வேண்டும்.

கம்பெனிகள் இந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்கும்? 2002-ல் பாப் பாடகர் ராபி வில்லியம்ஸோடும், 2005-ல் கார்ன் என்ற ராக் குழுவோடும் இ.எம்.ஐ. என்ற இசைக் கம்பெனி போட்ட ஒப்பந்தங்களில் கச்சேரி, டி-ஷர்ட் வருமானத்திலும் கம்பெனிக்குப் பங்கு. பிறகு ‘360 டீல்’ என்ற பெயரில் இது புதிய குழுக்களுக்கும் வந்தது. ராபி வில்லியம்ஸும் கார்னும் பங்கு கொடுத்ததற்குப் பெரிய தொகை வாங்கினார்கள், புதிய குழுக்களுக்கு அந்தப் பேரம் பேசும் பலம் கிடையாது. உங்கள் நண்பர் கச்சேரிப் பணம் எப்போதும் குழுவுக்குத்தான் என்கிறார் அல்லவா, அது கோப்புப் பகிர்வுக்கு முந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் சரி. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட குழு, பதிவுக் கணக்கில் பாக்கி அப்படியே இருக்க, மேடையில் வாசித்து வந்த காசிலும் கம்பெனிக்கு ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும்.