சிறப்பு விருந்தினருக்கு எழுதும் நன்றிக் கடிதம்

கேள்வி: எங்கள் கலாசாரச் சங்கத்தின் ஆண்டு விழாவைத் தமிழ் அறியாத ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார். நன்றிக் கடிதத்தைத் தமிழில் எழுதலாமா? யார் கையொப்பமிட வேண்டும்? அடுத்த ஆண்டு அழைப்பையும் அதிலேயே சேர்த்துவிடலாமா?

பதில்: கடிதத்தின் முதன்மைப் படி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இத்தகைய கடிதத்தை முதலில் பிரித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் உறுப்பினரின் உதவியாளர்தான். அவருக்கும் தமிழ் தெரியாது என்றால், மொழிபெயர்க்க ஆள் கிடைக்கும்வரை கடிதம் காத்திருக்கும். சங்கத்தின் அடையாளம் தெரிய வேண்டும் என்று விரும்பினால், அதே தாளின் மேற்பகுதியில் இரண்டு வரி தமிழ் வாழ்த்தை அச்சிட்டு, அதன் பொருளை ஆங்கிலத்தில் கீழே தரலாம். உறுப்பினர் தம் உரையில் ‘வணக்கம்’ என்றோ வேறு ஏதேனும் தமிழ்ச் சொல்லோ சொல்லியிருந்தால், அதை நினைவுகூர்வதற்கு அந்த இடமே பொருத்தமானது.

சங்கத் தலைவர் கையொப்பமிடுவதே முறை. செயலாளர் வரைந்து கொடுக்கலாம். ஆனால் மேடையில் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியவர் தலைவர் என்றால், கடிதமும் அவர் பெயரில் வருவதுதான் இயல்பு. விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

உள்ளடக்கத்தில்தான் பல சங்கங்கள் தடுமாறுகின்றன. ‘தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி விழாவைச் சிறப்பித்தமைக்கு நன்றி’ என்ற வரியை எந்த விருந்தினருக்கும் அனுப்பலாம் என்பதே அதன் குறை. அன்று உண்மையில் நடந்த ஒன்றைப் பிடித்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, மூத்தோர் சொல்லும் கதைகளைப் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யலாம் என்று அவர் தம் உரையில் ஆலோசனை கூறியிருந்தால், இப்படி எழுதலாம்:

‘சனிக்கிழமை எங்கள் ஆண்டு விழாவைத் தாங்கள் தொடங்கி வைத்தமைக்குச் சங்க உறுப்பினர்கள் அனைவரின் சார்பிலும் நன்றி. மூத்தோரின் கதைகளைப் பதிவு செய்வது குறித்துத் தாங்கள் கூறிய ஆலோசனையை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் விவாதிக்கவிருக்கிறோம். தொடக்க நிகழ்ச்சிக்குப் பின்னும் இருந்து, நடனமாடிய சிறுமிகளிடம் தாங்கள் பேசியதைப் பெற்றோர் மகிழ்ச்சியுடன் குறிப்பிட்டார்கள்.’

இவ்வளவே போதும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் அது விழா அறிக்கை ஆகிவிடும். செய்யாததைச் செய்ததாக எழுதிவிடாதீர்கள்: அவர் பாதியில் கிளம்பியிருந்தால் ‘இறுதிவரை இருந்து’ என்ற வழக்கமான சொல் அவரை ஏளனம் செய்வது போலாகிவிடும். விளக்கேற்றியது, உரை நிகழ்த்தியது இரண்டுக்கு மட்டும் நன்றி சொன்னாலும் குறையில்லை.

அடுத்த ஆண்டு அழைப்பையும், நிதியுதவி போன்ற வேண்டுகோளையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் நன்றி முன்னுரையாகவும், கோரிக்கையே கடிதத்தின் நோக்கமாகவும் தோன்றும். அழைப்பை, விழாத் தேதியும் இடமும் உறுதியான பின் தனிக் கடிதமாக அனுப்புங்கள். இப்போது அவர் விளக்கேற்றும் படமும் உரையாற்றும் படமும் என இரண்டை மட்டும் இணைத்தால் போதும். பிள்ளைகளின் முகம் தெரியும் படமாக இருந்தால், அனுப்புமுன் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.