பானகத்தில் மறையும் இனிப்பு

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சீனி வருத்தத்துக்கு மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறார். கோணேசர் கோவில் திருவிழாவன்று தண்ணீர்ப் பந்தலில் மூன்று கிளாஸ் பானகம் குடித்தார். இரண்டு மணி நேரத்தில் அளந்தபோது 286 காட்டியது. சீனி போடாமல் சர்க்கரையில்தானே கரைக்கிறார்கள், வேர்க்கொம்பும் தேசிக்காயும் உடம்புக்கு நல்லவைதானே? இனிக் குடிக்கவே கூடாதா?
— வாசகி, திருகோணமலை

பதில்: நோய்க்கு நாம் வைத்த பெயரே இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘சீனி வருத்தம்’ என்று சொல்லிப் பழகியதால், வெள்ளைச் சீனியை விலக்கிவிட்டுக் கரும்புச் சர்க்கரையையோ பனங்கட்டியையோ தாராளமாகச் சேர்ப்பவர்களை மருத்துவ நிலையத்தில் அடிக்கடி காண்கிறேன். சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு சீனிதான். எஞ்சியது ஈரமும் சிறிதளவு தாதுப்புகளும். குளுக்கோஸாக இரத்தத்துக்குள் போனபின் அது சீனியிலிருந்து வந்ததா, சர்க்கரையிலிருந்து வந்ததா என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு லீட்டர் தண்ணீருக்கு 150 கிராம் சர்க்கரை கரைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்தல் பானகத்துக்கு இது மிகையான அளவு அல்ல. அதில் 200 மில்லிலீட்டர் கொண்ட ஒரு கிளாஸில் கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி சீனி இருக்கும். மூன்று கிளாஸுக்குப் பதினைந்து தேக்கரண்டி. அதே அளவு சீனியை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருந்தால் அப்பா இரண்டாவது வாயிலேயே திகட்டுகிறது என்று கிளாஸைக் கீழே வைத்திருப்பார். தேசிக்காயின் புளிப்பு இனிப்பை அடக்குகிறது, வேர்க்கொம்பின் காரம் தொண்டையில் நின்று நாவை வேறு பக்கம் திருப்புகிறது, ஏலக்காய் வாசம் மேலே வந்து நிற்கிறது. நல்ல கைப்பக்குவம் என்று நாம் மெச்சும் அந்தச் சமநிலைதான், எவ்வளவு இனிப்பு உள்ளே போகிறது என்பதை நாவிடமிருந்து மறைத்துவிடுகிறது. மென்று தின்ன வேண்டிய உணவாக இல்லாமல் நீராகவே இறங்குவதால் இரத்தத்தில் குளுக்கோஸ் அளவும் விரைவாக ஏறும். ஆகவே 286 எனக்கு வியப்பளிக்கவில்லை.

குடிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வெயிலில் கோட்டை வாசலிலிருந்து கோவில் வரை ஏறி வந்தவருக்குக் குளிர்ச்சி தருவது பெரும்பாலும் அதிலுள்ள தண்ணீர்தான், அதற்கு இத்தனை இனிப்புத் தேவையில்லை. வீட்டில் கரைக்கும்போது லீட்டருக்கு 40 கிராம் சர்க்கரை போதும். ஆனால் சர்க்கரையை மட்டும் குறைத்துவிட்டுப் புளிப்பைப் பழைய அளவில் விட்டால் வாய் கூசும், பிறகு யாராவது ஒருவர் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிடுவார். இரண்டு தேசிக்காய் பிழிந்த இடத்தில் ஒன்று பிழியுங்கள். வேர்க்கொம்புத் தூளை அரைத் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். ஏலக்காயை மட்டும் குறைக்காமல் நான்கைந்து தட்டிப் போடுங்கள், ஏனெனில் அதன் வாசம், இல்லாத இனிப்பையும் சற்று இருப்பதாகக் காட்டும். இப்படிக் கரைத்ததில் 150 மில்லிலீட்டர் குடித்தால் ஒரு தேக்கரண்டி சீனியளவே சேரும். முதல் முறை குடித்து இரண்டு மணி நேரத்தில் அளந்து குறித்துவையுங்கள். பந்தலில் கொடுப்பதை மறுக்க மனமில்லையென்றால் இரண்டு வாய் பருகிவிட்டு, மீதித் தாகத்துக்குத் தண்ணீரோ நீர்மோரோ குடிக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளிக்லசைட் எடுப்பவர் விரதமிருந்து வெயிலில் நடந்தால் குளுக்கோஸ் அளவு ஏறுவதற்குப் பதிலாக ஆபத்தாக இறங்கவும் கூடும். திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று கண்டால் உடனே அளவுமானியில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, அளக்க வசதியில்லாவிட்டாலோ, அந்த வேளையில் பந்தலின் அதே இனிப்பான பானகம்தான் மருந்து. முக்கால் கிளாஸ் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். தேறியதும் ஏதாவது சாப்பிடச் செய்யுங்கள், இந்த மாத்திரையால் அளவு மீண்டும் இறங்கக்கூடும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். அடுத்த விரதத்துக்கு முன்பே, அன்றைக்குக் கிளிக்லசைட்டை என்ன செய்வது என்று மருந்து எழுதிய வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.